பிதுக்கியதற்குப் பெயர் வைத்தியமா?

யோனி வாயருகே வலியோடு வீங்கினால் அது சூட்டுக் கட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசு, பழுத்ததும் ஊசியால் குத்திப் பிதுக்கு, டாக்டர் கத்தி வைத்தாலும் திரும்ப வரத்தானே போகிறது என்று போன இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தச் சுண்ணாம்பை முதலில் தன் உதட்டின் உட்புறம் பூசிப் பார்க்கட்டும். அங்கேயும் அப்படிப்பட்ட மெல்லிய தோல்தான்.

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யோனி வாயின் இரு பக்கமும் சற்றுக் கீழே பட்டாணி அளவில் பார்த்தோலின் சுரப்பிகள் உண்டு. ஈரம் சுரந்து மெல்லிய குழாய் வழியே வெளியே விடுவது அவற்றின் வேலை. குழாய் அடைத்தால் நீர் தேங்கிக் கட்டியாகும். கிருமி புகுந்தால் அதே கட்டி சீழ் பிடிக்கும்.

வலிக்காத சிறு கட்டியைச் சும்மா விட்டுவிடலாம். லேசாக வலித்தால், பொறுக்கும் சூட்டு வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி, இடுப்பு முங்க 10-15 நிமிடம் உட்கார வேண்டும். தினமும் மூன்று நான்கு முறை, சில நாட்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சில கட்டிகள் தானே உடைந்து வடிந்துவிடும். பிதுக்கினால் சீழ் உள்ளே பரவும். ஊசி புதுக் கிருமியையும் கொண்டுபோகும்.

இனி அவரே பெருமையாகச் சொன்ன கதைக்கு வருவோம். எலுமிச்சை அளவு வீங்கி உட்கார முடியாமல் தவித்த பெண்ணுக்குக் குத்தியதும் வலி போனதாம். மூன்று மாதத்தில் திரும்ப வந்ததாம், திரும்பக் குத்தினார்களாம். இதை இரண்டு வெற்றி என்று எண்ணுகிறார்! ஊசித் துளை ஓரிரு நாளில் மூடிக்கொள்கிறது. குழாயின் அடைப்போ அப்படியே இருக்கிறது. பிறகு திரும்ப வராமல் என்ன செய்யும்?

வெறுமனே கீறிவிட்டாலும் திரும்ப வரும் என்பது உண்மைதான். அதனால்தான் மருத்துவர்கள் கீறலோடு நிறுத்துவதில்லை. மரக்க ஊசி போட்டு, உட்புறமாகச் சிறிதாகக் கீறி, சீழை வடித்து, வேர்ட் கத்தீட்டர் என்ற சின்னக் குழாயைச் செருகுவார்கள். அதன் நுனிப் பலூனில் 3 மில்லி அளவு உப்புநீர் ஏற்றினால் வெளியே வராது. நான்கு முதல் ஆறு வாரம் அங்கேயே இருந்தால், துளையின் ஓரம் ஆறி நிரந்தர வாய் உண்டாகும். இல்லாவிட்டால் கட்டியின் ஓரத்தைத் தோலோடு சேர்த்துத் தைத்துத் திறந்தே வைப்பார்கள். அப்போதும் சிலருக்குத் திரும்ப வரும், ஆனால் குறைவு. சீழ் நன்றாகக் கட்டியபின் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை, வடித்தாக வேண்டும்.

நடக்க முடியாத வலி, காய்ச்சல், பரவும் சிவப்பு, இரண்டு மூன்று நாள் வெந்நீருக்கும் வற்றாமல் பெருத்தல், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைதான். கர்ப்பிணியும் சர்க்கரை நோயாளியும் அந்த இரண்டு நாளும் காத்திருக்கக் கூடாது.

'எந்த வயதிலும் இது ஒன்றுதான்' என்று முடித்திருக்கிறார். நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் கட்டி வந்தால், அபூர்வமாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால், கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது வழக்கம். அவர் ஊசியில் அது எப்படித் தெரியுமோ, அடுத்த இதழில் எழுதட்டும்.