ஒரு கடிதமும் இரண்டு இணைப்புகளும்: சிறிய நம்பிக்கைப் பொறுப்பு ஒன்று வங்கிப் படியேறும்போது

திரியாய் போன்ற ஊர்களில் நல்ல காரியம் ஒன்றைத் தொடங்குபவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, தங்களில் ஒருவருடைய சேமிப்புக் கணக்கின் இலக்கத்தை வெளிநாட்டு உறவினர்களுக்கு அனுப்புவது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய கணக்காக இருக்கும், அல்லது கோயில் பொருளாளருடையதாக இருக்கும். 1985 இல் வீடுகள் எரிக்கப்பட்டு, 1990 இல் ஊரே இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த மக்களுக்கு உலகின் பல மூலைகளிலும் சொந்தம் இருக்கிறது. பிள்ளைகளின் உயர்தரப் படிப்புக்கோ கிணறு ஒன்றைத் தூர்வாருவதற்கோ பணம் கேட்டால் வருகிறது. அது யாருடைய கணக்குக்கு வருகிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டும். நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2016 ஜனவரியில் வங்கிகளுக்கான விதிகளை வெளியிட்டது. வாடிக்கையாளர் யார் என்பதை வங்கி எப்படி அறிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் விதிகள் அவை. தொண்டு அமைப்புகளை அவை தனியாகவே பேசுகின்றன. நிர்வாகத்தில் உள்ளவர்களின் தனிப்பட்ட கணக்குகளைத் தொண்டுக்காகவோ நன்கொடை திரட்டவோ பயன்படுத்த வங்கி இடமளிக்கக் கூடாது. அமைப்பின் ஆவணத்தில் உள்ள பெயரிலேயே கணக்குத் திறக்கப்பட வேண்டும். கையொப்பமிடுபவர்களும் நிர்வாகிகளும் கூடுதல் கவனத்துடன் சோதிக்கப்பட வேண்டும். தடைசெய்யப்பட்ட நபர் அல்லது அமைப்புடன், அதே பெயரிலோ வேறு பெயரிலோ, தொடர்பு இல்லை என்பதையும் வங்கி உறுதிசெய்ய வேண்டும்.

அந்தக் கடைசி வரியைக் கொழும்பில் வாசிப்பதும் திருகோணமலையில் வாசிப்பதும் ஒன்றல்ல. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகள் 2006 இல் முடக்கப்பட்டதும், அடுத்த ஆண்டு அது தடைசெய்யப்பட்டதும் இங்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2014 இல் 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டார்கள். பிறகு அந்தப் பட்டியல் சுருங்கியது, மீண்டும் விரிந்தது, மீண்டும் சுருங்கியது. பணம் அனுப்பும் அமைப்பு இன்று பட்டியலில் இல்லாமல் இருக்கலாம், நாளை இருக்கலாம். தன் பெயரில் பணத்தை வாங்கிக்கொண்ட அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் விசாரணைக்கு அழைக்கப்பட்டால், அது ஊரின் பணம் என்பதைக் காட்ட அவர் கையில் ஒரு தாள்கூட இருக்காது. அவர் இறந்தாலும் அதே கதைதான். பணம் அவருடைய வாரிசுகளின் சொத்தாகவே பார்க்கப்படும்.

ஆகவே நம்பிக்கைப் பொறுப்பு. சங்கம், கம்பனி என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் ஐந்து பேரும் சிறு தொகையும் மட்டுமே உள்ள இடத்துக்கு, 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டம் எளிதான வழி. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கம்பனியைப் போல நம்பிக்கைப் பொறுப்பு சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அல்ல. சொத்து பொறுப்பாளர்களின் பெயரில் இருக்கிறது. அதைப் பிறருக்காக வைத்திருக்கும் கடமை அவர்களுடையது. வங்கி முகாமையாளர் இத்தனை கேள்வி கேட்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம். தனக்கு முன்னால் இருக்கும் வாடிக்கையாளர் ஒரு பெயர்ப்பலகை அல்ல, ஐந்து மனிதர்கள் என்று அவர் பார்க்கிறார். பணத்தை வைத்தவர் யார், பொறுப்பாளர்கள் யார், பயன்பெறுவோர் யார், உண்மையில் கட்டுப்படுத்துபவர் யார் என்பதையெல்லாம் அவர் எழுதிவைத்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திரியாயில் நான்கு பேரும் ரொறன்ரோவில் ஒருவருமாக ஐந்து பொறுப்பாளர்கள். 10,000 ரூபாவை முதல் நிதியாக வைத்து, உயர்தர மாணவர்களின் போக்குவரத்துச் செலவுக்காக ஒரு கல்வி நிதியம் தொடங்குகிறார்கள். காணி எதுவும் இல்லை. காணி இருந்தால் உறுதியை நொத்தாரிசு முன் எழுதியே ஆக வேண்டும். பணம் மட்டும் என்றால் கையொப்பமிட்ட எழுத்தே போதும் என்கிறது சட்டம். ஆனாலும் நொத்தாரிசிடமே போவது நல்லது. கையெழுத்துப் பிரதியை ஏற்கும் கிளையை நான் பார்த்ததில்லை.

வங்கிக்குக் கொடுக்கும் கடிதம் சிறியது:

“திரியாயில் அமைக்கப்பட்ட மேற்படி கல்வி நிதியத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாகிய நாம், தங்கள் கிளையில் நிதியத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கொன்றைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இத்துடன் இணைக்கப்பட்டவை: 1. நம்பிக்கைப் பொறுப்பு உறுதியின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி. 2. கணக்குத் திறப்பதற்கான பொறுப்பாளர் தீர்மானத்தின் பிரதி. பொறுப்பாளர்களின் தேசிய அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றின் பிரதிகளும் உண்டு.”

இலக்கமிட்ட அந்த இரண்டும்தான் உயிர். உறுதி, பொறுப்பாளர்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று சொல்கிறது. தீர்மானம், அந்த அதிகாரத்தை இந்த நாளில் இந்த விதமாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்கிறது. முகாமையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிப்பார். இரண்டும் முட்டிக்கொண்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

முட்டுவது பெரும்பாலும் கையொப்பத்தில். பொறுப்பாளர்கள் எல்லோரும் சேர்ந்தே செயற்பட வேண்டும் என்பதே பொது நிலை. குறைவானவர்கள் போதுமென்றால் அதை உறுதியே சொல்ல வேண்டும். மாதிரி உறுதி ஒன்றைப் பிரதிசெய்தவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. பிறகு “தலைவரும் பொருளாளரும் கையொப்பமிடுவர்” என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போவார்கள். உறுதி தராத அதிகாரத்தைத் தீர்மானம் தர முடியாது. நம் எடுத்துக்காட்டில் ரொறன்ரோக்காரரின் கையொப்பம் இல்லாமல் ஒரு ரூபாவும் நகராது. ஆகவே உறுதியிலேயே எழுதிவிட வேண்டும்: கூட்டத்துக்கு மூவர் போதும், கணக்கை மூவரில் எவரேனும் இருவர் சேர்ந்து இயக்கலாம், ஒருவர் இறந்தால் அல்லது விலகினால் மற்றவர்கள் புதியவரை நியமிக்கலாம்.

தீர்மானத்தில் கூட்டம் நடந்த திகதி, இடம், வந்தவர்களின் பெயர், வங்கியும் கிளையும், கணக்கின் பெயர், கையொப்பமிடுவோர், இயக்கும் முறை ஆகியவை இருக்க வேண்டும். திகதியைப் பாருங்கள். உறுதிக்கு முந்திய திகதியில் தீர்மானம் இருந்தால், இன்னும் பிறக்காத பொறுப்பாளர்கள் கூடியதாக ஆகிவிடும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஊர்க்கூட்டத்தில் முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு நொத்தாரிசிடம் போகும் நம் வழக்கத்தில் இது எளிதாக நடக்கும். உறுதிக்குப் பிறகு ஒருமுறை மீண்டும் கூடி எழுதினால் தீர்ந்தது.

அடுத்தது பெயர். நம் ஊரின் பெயரே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படுகிறது. சிங்கள வழக்கில் அது “திரியாய” ஆகிறது. உறுதியில் ஒரு எழுத்து, இறப்பர் முத்திரையில் இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வரும் பணவோலையில் மூன்றாவது என்றால், பணம் திரும்பிப் போகலாம். உறுதியில் மூன்று மொழியிலும் பெயரை ஒருமுறை எழுதி, முத்திரையை அதன் பிறகே செய்விக்கலாம்.

கடைசியாக, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. “நலன்விரும்பிகள்” என்ற பதில் போதாது. மாதம் ஏறக்குறைய எவ்வளவு, எந்த நாடுகளிலிருந்து, தனிநபர்களா அமைப்பா, எத்தனை மாணவருக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது. விதிகள் வங்கியிடம் கேட்பதும் அதுதான்: கொடுக்கல் வாங்கல்கள் சொன்ன நோக்கத்தோடு பொருந்துகின்றனவா? வெளிநாட்டுப் பணம் என்றதும், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்ற கேள்வியும் வரலாம். குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் முன்னரே விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் பயணம் மிச்சம். திருகோணமலை நகரம் 40 கிலோமீற்றருக்கு மேல்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வரலாம். சோதனை வேண்டாம் என்பது என் வாதமல்ல. இலங்கை 2017 முதல் 2019 வரை நிதிச் செயல் அணியின் சாம்பல் பட்டியலில் இருந்தது. அந்த அழுத்தம் இன்றும் வங்கிகளின் தோளில் இருக்கிறது. ஆனால் அதே நிதிச் செயல் அணியின் 8 ஆம் பரிந்துரை, தொண்டு அமைப்புகள் மீதான நடவடிக்கை ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், நேர்மையான பணியைக் குலைக்கக் கூடாது என்கிறது. 2023 நவம்பரில் அது இன்னும் தெளிவாகத் திருத்தப்பட்டது. மாணவரின் பஸ் கட்டணத்துக்கான நிதியத்தை, தடைப்பட்டியலோடு பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் “மேலிடத்தில் கேட்க வேண்டும்” என்று மாதக்கணக்கில் வைத்திருப்பது அந்த அளவுக்குள் வராது.

அப்படி நடந்தால், வாய்ப்பதிலோடு திரும்பி வராமல், எந்த ஆவணம் போதாது என்பதை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தத் திகதியிட்ட பிரதியைத்தான்.