பழைய எண்தான்... பில்தான் புதுசு!

திண்டுக்கல்லில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார் அந்த அப்பா. ரீசார்ஜ் முடிந்துபோனதைக் கவனிக்காததால் ஒருநாள் காலையில் அவரால் யாருக்கும் போன் செய்ய முடியவில்லை. சிமென்ட் ஆர்டரை உறுதிசெய்ய முடியாமல் லோடு வேறு கடைக்குப் போய்விட்டது. அன்றைக்கு 84 நாள் பேக் ஒன்றை 840 ரூபாய்க்குப் போட்டவர், மாலையில் மகனிடம் கேட்டார்: "டேய், இதையே போஸ்ட்பெய்டா மாத்திட்டா என்ன? நம்பர் மாறிடுமா?"

நம்பர் மாறாது. பெரும்பாலும் சிம் கார்டையும் மாற்ற வேண்டியிருக்காது. 2021 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த முறைப்படி, இதற்குக் கடைக்குப் போய் ஆதார் நகல் கொடுக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் ஆப், இணையதளம், எஸ்.எம்.எஸ். என ஏதாவது ஒன்றில் விண்ணப்பித்தால் போதும். அந்த எண்ணுக்கே ஓ.டி.பி. வரும். 10 நிமிடத்துக்குள் அதை உள்ளிட்டால், அதுவே சம்மதம். மாற்றம் நடக்கும் நாளும் நேரமும் தகவலாக வரும். அப்போது அதிகபட்சம் அரை மணி நேரம் சேவை நிற்கலாம். வங்கி ஓ.டி.பி., யு.பி.ஐ. வேலைகளை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

காகிதம் கேட்காததற்குக் காரணம், சிம் வாங்கியபோது கொடுத்த அடையாளமே பதிவில் இருப்பதுதான். அதனால் ஆப்பில் பெயரைப் பார்க்க வேண்டும். இந்த அப்பாவின் சிம், பல வருடங்களுக்கு முன் அவர் தம்பி பெயரில் வாங்கியது. அப்படியே மாற்றினால் பில்லும் பாக்கிப் பொறுப்பும் தம்பியின் தலையில்தான். எனவே முதலில் இருவரும் ஸ்டோருக்குப் போய், கே.ஒய்.சி. கொடுத்து இணைப்பை அப்பா பெயருக்கு மாற்றினார்கள்.

"சரி, இன்னைக்கே மாத்திடலாமா?" என்றார் அப்பா. "வேண்டாம்ப்பா. பேக்ல இன்னும் 40 நாள் இருக்கு" என்றான் மகன். போஸ்ட்பெய்டுக்கு மாறியதும் ப்ரீபெய்டு பேக்கில் மீதமிருக்கும் நாட்கள் பொதுவாகப் போய்விடும். நாளுக்கு 10 ரூபாய் வீதம் 400 ரூபாய் வீண். பேக் முடிய ஓரிரு நாள் இருக்கும்போது மாறினால் பெரிய இழப்பு இல்லை. காத்திருந்து, ஜூன் 16-ல் மாற்றினார்கள்.

அவர் எடுத்தது மாதம் 449 ரூபாய் பிளான். ப்ரீபெய்டு ரீசார்ஜில் சொல்லும் விலையிலேயே வரி அடங்கிவிடும். போஸ்ட்பெய்டில் 18% ஜி.எஸ்.டி. தனி. ஆக, மாத பில் 529 ரூபாய் 82 காசு.

ஆனால் ஜூலை 1-ல் வந்த முதல் பில்லில் 794 ரூபாய் 73 காசு இருந்தது. அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகன் பில்லைப் பிரித்துக் காட்டினான். ஜூன் 16 முதல் 30 வரை 15 நாளுக்குப் பாதி வாடகை 224 ரூபாய் 50 காசு. ஜூலை மாத வாடகை 449 ரூபாய் முன்கூட்டியே. இரண்டும் சேர்ந்து 673 ரூபாய் 50 காசு. அதற்கு ஜி.எஸ்.டி. 121 ரூபாய் 23 காசு. சில நிறுவனங்கள் இப்படித்தான் முதல் பில்லில் அடுத்த மாத வாடகையையும் சேர்க்கின்றன. இரண்டாவது பில் 529 ரூபாய் 82 காசுக்கு வந்துவிட்டால் கணக்கு சரி. அப்போதும் கூடுதலாக வந்தால், கேட்காத சேவை ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ப்ரீபெய்டில் காசு தீர்ந்தால் சேவை நிற்கும். போஸ்ட்பெய்டில் பிளானில் அடங்காத வெளிநாட்டு அழைப்பு, ரோமிங் எல்லாம் பில்லில் ஏறிக்கொண்டே போகும். அதனால் மாறிய அன்றே ஆப்பில் கிரெடிட் லிமிட் எவ்வளவு என்று பார்த்து, தேவையில்லாத சர்வதேச ரோமிங்கை நிறுத்திவைத்தான் மகன். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு. பாக்கி இருந்தால், இதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறும் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம்.

பிடிக்காவிட்டால் திரும்பலாமா? 2025 ஜூனில் வந்த திருத்தத்தின்படி, முதல்முறை மாறிய 30 நாளுக்குப் பிறகு ஓ.டி.பி. மூலமே ப்ரீபெய்டுக்குத் திரும்பலாம். அதன்பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 90 நாள் இடைவெளி வேண்டும். அதற்குள் அவசரமென்றால் ஸ்டோரில் கே.ஒய்.சி. கொடுக்க வேண்டும்.

பில் கட்டிய மறுநாள் அப்பாவுக்கு ஓர் அழைப்பு. "சார், உங்க போஸ்ட்பெய்டு மாற்றம் பாதியில நிக்குது, ஓ.டி.பி. சொல்லுங்க." அப்பா சிரித்தார். "நான் கேட்டப்பவே வந்துச்சு, நானே போட்டுட்டேன். அதை யார்கிட்டயும் சொல்ல வேண்டிய வேலையே இல்லையே தம்பி!" எதிர்முனை சட்டென்று துண்டித்தது.