மாலையும் மாலும்

மடத்துவெளிக்கு விடுமுறையில் வந்திருந்த நண்பர் மகள், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தேர்வில் தமிழ்ப் பகுதிக்கு 100 வினாக்கள் உள. அதில் நூற்றுக்கு 40 விழுக்காடு பெறாதாரின் மற்றைப் பகுதி மதிப்பிடப்படுவதில்லை. ஆகவே ஓர் ஒற்றெழுத்தும் அங்கே பொருட்படுத்தத்தக்கதே.

அவளுடைய பயிற்சி ஏட்டில், "கோயிலுக்கு மாலைக் கட்டினாள்" என்று எழுதியிருக்கக் கண்டேன்.

"பிள்ளாய், யசோதை கண்ணனை உரலோடு கட்டிய கதையையா எழுதினாய்?" என்றேன்.

அவள் திகைத்து, "மாமா, 'ஐ' உருபின் பின் வல்லினம் மிகும் என்பதுதானே விதி?" என்று கேட்டாள்.

விதி சரியே, பிழை அதற்கு முந்திய படியில் நேர்ந்தது. 'மாலை' என்பதன் ஈற்றிலுள்ள ஐகாரம் வேற்றுமை உருபன்று. அது பெயரின் உறுப்பு. உருபு சேர்ந்தால் அச்சொல் 'மாலையை' என்றாகும். 'மாலைக் கட்டினாள்' என்று ஒற்று இட்டால், 'மால்' என்னும் பெயரோடு 'ஐ' சேர்ந்ததாகி, திருமாலைக் கட்டினாள் என்று பொருள்படும். அவ்வாறே 'வேலை செய்தான்' என்றால் தொழில் செய்தான். 'வேலைச் செய்தான்' என்றால் வேலாயுதத்தை ஆக்கினான்.

இத்தகைய வினா வந்தால், முதலில் மறைந்த உருபை வருவித்துப் பாருங்கள். 'மாலை கட்டினாள்' என்பது 'மாலையைக் கட்டினாள்' என விரியும். உருபு மறைந்து நிற்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. வெளிப்பட்டு நிற்பது விரி. விரியில் க, ச, த, ப முன் ஒற்று மிகும். தொகையில், பின்வருவது வினையாயின் மிகாது.

பின்வருவது பெயராயின் என்ன செய்வது? இங்கேதான் பலர் இடறுவர். 'நீர் குடித்தான்' என்பதில் ஒற்று இல்லை. 'நீர்க்குடம்' என்பதில் உண்டு. பின்னதை 'நீரைக் குடம்' என விரித்தால் பொருள் முடிவதில்லை. 'நீரையுடைய குடம்' என்றே விரித்தல் வேண்டும். உருபோடு 'உடைய' என்னும் சொல்லும் மறைந்தமையால், அது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அங்கே ஒற்று மிகும்.

ஆயினும் இரு பெயர்போலத் தோன்றுவன எல்லாம் இவ்வகையின அல்ல. 'ஊறுகாய்' என்பதில் உருபை வருவிக்க இயலாது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலத்துக்கும் அது விரியும். ஆதலால் அது வினைத்தொகை; வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

நண்பர் மகள் ஏட்டை வாங்கி அந்த 'க்' என்னும் எழுத்தை அடித்தாள். "இப்பொழுது திருமாலின் கட்டு அவிழ்ந்தது, மாமா" என்றாள்.