தராசுப்படியும் காதில் ஒலிக்கும் குரலும்

பாடசாலையின் ஓர் அறையிலே பண்டை நகரம் ஒன்றின் அன்றாடக் கருவிகளை அடுக்கி வைத்து, அவற்றைக் காண வரும் பிள்ளைகளின் காதிலே ஒலிப்பதிவு செய்த குரல் ஒன்று விளக்கங் கூறும்படி ஏற்பாடு செய்வது இன்று அரிய காரியமன்று. கைத்தொலைபேசி ஒன்றும் சந்தடியற்ற அறை ஒன்றும் இருந்தாற் போதும். ஒரு மாலைப்பொழுதிற் பதிவு முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னே செய்யவேண்டிய வேலை அவ்வளவு இலேசானதன்று. அக்குரல் வாசிக்கவேண்டிய உரையை எழுதுவதே அவ்வேலை. இவ்வாரம் அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சுவரில் ஒட்டிய எழுத்துக்கும் காதில் விழும் பேச்சுக்கும் முக்கியமான வேறுபாடுகள் இரண்டு உண்டு. எழுத்தைக் கண் திரும்பிச் சென்று வாசிக்கும். பேச்சோ ஒரு முறை ஒலித்து மறைந்துவிடும். இது முதலாவது. உபாத்தியாயர் ஒன்றைக் கூறினால், "அது எப்படித் தெரியும், சேர்?" என்று கேட்பதற்கு ஒரு பிள்ளையாவது வகுப்பில் இருக்கும். பதிவான குரலை நோக்கி எவரும் கேள்வி கேட்கமுடியாது. கேட்டாலும் அது மறுமொழி கூறாது. இது இரண்டாவது. ஆதலால் அக்குரல் ஊகத்தை உண்மைபோற் கூறிவிட்டால், அதனைத் திருத்துவாரின்றிப் பிள்ளை அப்படியே நம்பி வீடு செல்லும்.

உதாரணத்துக்கு மொகஞ்சதாரோவை எடுத்துக்கொள்வோம். இன்று பாகிஸ்தானிலுள்ள சிந்து மாகாணத்தில், சிந்து நதிக்கு அண்மையில், ஏறத்தாழக் கி.மு. 2600 முதல் 1900 வரை சிறந்திருந்த பெருநகரம் அது. 1922ஆம் ஆண்டில் இராக்கால்தாஸ் பானர்ஜி அங்கே அகழத் தொடங்கினார். அந்நகர மாந்தரின் கருவிகளுள் பாடசாலைக் காட்சிக்கு மிகப் பொருத்தமானவை அவர்களுடைய தராசுப்படிகள் என்பது நமது கருத்து. செர்ட் எனப்படும், சிக்கிமுக்கிக் கல்லின் இனத்தைச் சேர்ந்த கடினமான கல்லைக் கனசதுரமாக வெட்டி, பளபளக்கத் தேய்த்துச் செய்தவை அவற்றுட் பெரும்பாலானவை. பார்வைக்குப் பகடைக்காய் போலிருக்கும். புள்ளிகள் மட்டும் இரா.

இவற்றுக்கு விளக்கம் எழுதப் புகும் ஒருவர் முதலில் எழுதக்கூடியது இவ்வாறிருக்கும்: "இது மொகஞ்சதாரோ நகரத்துக் கடைக்காரர் ஒருவர் உபயோகித்த 13.7 கிராம் நிறையுள்ள படிக்கல். இதிலிருந்து அம்மக்கள் கணிதத்தில் எவ்வளவு வல்லவர்கள் என்பது புலனாகின்றது." தாளிற் பார்த்தால் இதிற் குறையொன்றும் தோன்றாது. காதினாற் கேட்டாலோ ஒவ்வொரு சொல்லும் இடறுகின்றது.

"படிக்கல்" என்பது முதல் இடறல். படி என்றால் ஏறும் படியும் உண்டு, அளக்கும் படியும் உண்டு, "பாடத்தைப் படி" என்னும் ஏவலும் உண்டு. எழுத்திலே முன்பின் பார்த்துப் பொருள் தெளியலாம். காதிலே கேட்கும் பிள்ளை, மாடிப்படியிற் பதித்த கல்லைத் தேடத் தொடங்கும். "தராசுப்படி" என்று முதலிற் சொல்லிவிட்டால் இம்மயக்கம் இல்லை. அடுத்தது 13.7 என்னும் எண். பதினாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு என்றால் காது அதனை ஏற்றுக்கொள்ளும். தசமப் புள்ளியை நினைவில் நிறுத்தாது. அந்த எண்ணாற் பிள்ளைக்குப் பயன் என்ன என்பதும் வேறு கேள்வி.

பெரிய இடறல் "கடைக்காரர்" என்னும் சொல்லிலே இருக்கின்றது. கற்களின்மேல் எழுத்தோ கோடோ இல்லை. அவை படிகள் என்பது எவ்வாறு தெரியவந்தது? நிறுத்துப் பார்த்தமையால். 1931இல் வெளிவந்த சேர் ஜோன் மார்ஷலின் அறிக்கையில் ஏ. எஸ். ஹெம்மி என்பவர் இக்கற்களின் நிறைகளை ஆராய்ந்து எழுதினார். கற்கள் எப்படியும் நிறுக்காமல், குறிப்பிட்ட சில நிறைகளைச் சூழ்ந்தே நின்றன. மிகச் சிறியது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைந்தது. ஏழெட்டுக் குன்றிமணியின் நிறை எனலாம். அதனை ஒன்று என்று கொண்டால் அடுத்தவை 2, 4, 8, 16, 32, 64 என இரட்டித்துச் செல்கின்றன. அதிகமாகக் கிடைப்பது பதினாறாவது நிறை. மேலே கூறிய 13.7 கிராம் அதுவே. பெரிய படிகளில் இரட்டிக்கும் முறை விடுபட்டு 160, 200, 320, 640 எனப் பத்தின் மடங்குகள் வருகின்றன. மூலை உடைந்த கல் ஒன்று இவ்வரிசையில் அமையாது குறைந்து நிற்கும். உடைவைக் கண்ணாற் கண்டு அக்குறையை விளங்கிக்கொள்ளலாம்.

இதுவரை கூறியது கற்களே கூறும் சாட்சி. இவற்றைக் கையாண்டவர் யார், நிறுத்தது எதனை என்பதற்கு அத்தகைய சாட்சி இல்லை. சந்தையிலே பண்டம் நிறுத்தனர் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ஹரப்பாவில் நெடுங்காலம் அகழ்ந்த ஜொனதன் மார்க் கெனோயர், நகரவாயிலை அடுத்து இத்தகைய படிகள் கிடைத்தமையைக் கொண்டு, உள்ளே வரும் பொருளுக்கு வரி அறவிடுவதற்கு இவை பயன்பட்டிருக்கலாம் என்று கருதுகின்றார். கடைக்காரரா, வரி வாங்கிய அதிகாரியா? ஒரே கல் இருவர் கையிலும் இருந்திருக்கக் கூடும். அப்படியிருக்க, குரல் மட்டும் "கடைக்காரர்" என்று முடிவுகட்டிவிட்டால், வரியைப் பற்றிய எண்ணம் பிள்ளையின் மனத்தில் எழ இடமேயில்லை.

இன்னொரு பொய்யும் அவ்வுரையில் மறைந்து கிடக்கின்றது. பாடசாலைப் பெட்டியில் இருப்பது மூலக்கல் அன்று, மாதிரி. மாதிரியைச் சாந்தில் வார்ப்பதே எளிய வழி. ஆனால் சாந்து கல்லின் நிறையிற் பாதிக்கு மேல் இராது. பதினாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று காதிலே குரல் கூற, உள்ளங்கையில் ஏழு கிராம்கூட இல்லாத சாந்துக்கட்டி இருக்கும். நிறையைக் காட்டுவதற்கென்றே செய்த பொருளுக்கு நிறை பொய்த்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நம் நாட்டிலே இதற்கு ஒரு வழி உண்டு. மணிக்கல்லுக்குப் பட்டை தீட்டும் தொழிலாளர் இரத்தினபுரியிலும் பேருவளையிலும் இருக்கின்றனர். படிகக்கல்லின் அடர்த்தி செர்ட்டின் அடர்த்திக்கு மிக அண்மையானது. ஆகவே படிகத்தில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சென்டிமீற்றர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றைத் தீட்டினால், அது பதினாறாவது படியின் நிறைக்கு வந்துவிடும். மிகச் சிறியதற்கு ஏழு மில்லிமீற்றர் பக்கம் போதும். சற்றுப் பெரிதாக வெட்டி, நகைக்கடைத் தராசிலே வைத்து வைத்துத் தேய்த்துக் குறைத்தல் வேண்டும். கூடியதைக் குறைக்கலாம், குறைந்ததைக் கூட்டமுடியாது.

இவற்றையெல்லாம் மனங்கொண்டு உரையைத் திருப்பி எழுதுவோம்.

"கண்ணாடிப் பெட்டியில் ஐந்து சிறிய கற்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியதைப் பாருங்கள். (ஐந்து விநாடி மௌனம்.) அதன்மேல் எழுத்து உண்டா? கோடு உண்டா? ஒன்றும் இல்லை. இவை தராசுப்படிகள். சிந்து நதிக்கு அருகே, மொகஞ்சதாரோ என்னும் நகரத்தில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய படிகளைப் போல நம் நாட்டு மணிக்கல் தொழிலாளர் செய்த மாதிரிகள் இவை. மிகச் சிறிய கல்லை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது இரண்டு. பிறகு நாலு, எட்டு, பதினாறு. இப்பொழுது பதின்மூன்று பங்கு நிறுக்கவேண்டும். எந்தக் கற்களைத் தட்டில் வைப்பீர்கள்? (பத்து விநாடி மௌனம்.) எட்டு, நாலு, ஒன்று. இந்த ஐந்து கற்களாலும் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எதையும் நிறுக்கலாம். அந்த நகரத்தில் யார் நிறுத்தார்கள்? கடைக்காரரா, வரி வாங்கியவரா? கற்கள் அதைச் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நிதானமாக வாசித்தால், மௌனங்களையும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரை நிமிஷம் செல்லும். அதற்கு மேல் ஒரு பொருளின் முன்னே பிள்ளையை நிறுத்திவைத்தல் ஆகாது. "இடப்பக்கத்துக் கல்" என்று கூறாமற் "பெரிய கல்" என்று கூறியதற்கும் காரணம் உண்டு. பெட்டியின் இரு பக்கத்திலும் பிள்ளைகள் நிற்பர். ஒருவருக்கு இடம் மற்றவருக்கு வலம். "நீங்கள் முன்பு பார்த்த சட்டி" என்பது போன்ற பேச்சும் வேண்டாம். அடுத்த தவணையிலே சட்டியை வேறு தட்டுக்கு மாற்றுவார்கள். குரல் மட்டும் மாறாது. புகழ்ச்சி வாக்கியம் அடியோடு நீங்கிவிட்டதையும் வாசகர் கவனித்திருப்பர். பதின்மூன்றைத் தானே நிறுத்துப் பார்த்த பிள்ளைக்கு, அம்மக்கள் கணக்கறிந்தவர் என்று எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பதினாறு அவுன்ஸ் ஓர் இறாத்தல் என்று பாணும் சீனியும் வாங்கிய பாட்டனார் வீட்டில் இருந்தால், இரட்டிக்கும் கணக்கின் வசதியை அவரே மேலும் விளக்குவார்.

படிகளைவிடச் சங்கடமான பொருள்களும் அந்நகரத்தில் உண்டு. சுட்ட மண்ணாற் செய்த முக்கோண வில்லைகள் சிந்துவெளி நகரங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அடுப்பிலே சூட்டைத் தேக்கி வைப்பதற்கு என்பர் சிலர். அடுப்புகளில் அவை கிடைத்தது அதற்குச் சாட்சி. நிலத்தை நிரவுவதற்கும் அவற்றைக் கொட்டியிருக்கின்றனர். காளிபங்கன் என்னுமிடத்திலே தீக்குழிகளில் அவை இருந்தமையால் வழிபாட்டோடு தொடர்புபடுத்தியவரும் உளர். இங்கே குரல் ஒரு பயனைத் தெரிந்தெடுத்துக் கூறுவதிலும், "இவை அடுப்பிலும் கிடைத்தன, நிலத்திலும் கிடைத்தன, தீக்குழியிலும் கிடைத்தன" என்று கிடைத்த இடங்களை மட்டும் கூறி நிறுத்துவதே நேர்மை. இடம் கண்டது; பயன் கருதியது. இரண்டையும் ஒரே தொனியில் வாசித்தல் கூடாது.

பதிவை முடித்தபின் ஒரு சோதனை செய்தல் நன்று. உரையை முன்பு கேளாத ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பெட்டியின் முன் நிறுத்திக் கேட்கச் செய்க. முடிந்ததும் மூன்று கேள்விகள்: எந்தக் கல்லைப் பார்த்தாய்? அது நிறுக்கும் கல் என்று எப்படித் தெரியும்? நமக்குத் தெரியாதது எது? முதற் கேள்விக்கு விடை வராவிட்டால் உரை கண்ணுக்கு வழிகாட்டவில்லை. இரண்டாவதற்கு வராவிட்டால் சாட்சியை விட்டு முடிவை மட்டும் கூறியிருக்கின்றோம். மூன்றாவதற்குப் பிள்ளை, "எல்லாம் தெரியும்" என்று கூறுமாயின், பிழை பிள்ளையினது அன்று. உரையை மறுபடியும் எழுதவேண்டியது நாமே.