"விபத்தில்லாத பதிவேடு" யாருடைய சாதனை?

சிஎன்சி லேத் ஆபரேட்டர் வேலைக்கான விளம்பரங்களில் மூன்று நிபந்தனைகள் வழக்கமாக இருக்கும். ஐடிஐ டர்னர் சான்றிதழ், இரண்டு வருட அனுபவம், விபத்தில்லாத பணிப்பதிவு. மூன்றும் நியாயமானவைதான். ஆனால் அவற்றை வாசிக்கும் விதத்தில்தான் நம் பிள்ளைகள் கழித்துக்கட்டப்படுகிறார்கள் என்கிறோம்.

எடுத்துக்காட்டாக ஒருவரை வைத்துக்கொள்வோம். டர்னர் பிரிவில் இரண்டு வருடம் ஐடிஐ படித்து என்.டி.சி. வாங்கியவர். ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து என்.ஏ.சி.யும் வைத்திருக்கிறார். பிறகு இரண்டரை வருடம் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இடது கை விரலில் தையல் போட்ட தழும்பு உண்டு.

சான்றிதழில் சிக்கல் இல்லை. தொழில் அறிவுக்கு என்.டி.சி., ஆலையில் பெற்ற பயிற்சிக்கு என்.ஏ.சி. இரண்டும் இருப்பவரைப் பள்ளிப் படிப்போடு வந்தவருக்குச் சமமாக "புதியவர்" பட்டியலில் தள்ளினால், அந்த அதிகாரிக்குத்தான் சான்றிதழ் படிக்கத் தெரியவில்லை.

சிக்கல் அனுபவத்தில் தொடங்குகிறது. அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் ஆலையின் பெயர் இருக்காது, ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் பெயர்தான் இருக்கும். இரண்டரை வருடத்தில் ஒப்பந்ததாரர் இரண்டு முறை மாறியிருந்தால் மூன்று பெயர். ஒரே மெஷின் முன்னால் நின்றவர், காகிதத்தில் மூன்று இடம் தாவியவர் ஆகிவிடுகிறார். செய்த வேலையைக் குறிப்பிட்டு அனுபவச் சான்றிதழ் கேட்டால் ஒப்பந்ததாரர் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

காகிதம் இல்லையென்றாலும் அனுபவத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. 30.00 மில்லிமீட்டர் வரவேண்டிய வெளிவிட்டம் 30.04 வருகிறது, என்ன செய்வாய் என்று கேளுங்கள். பட்டனை மட்டும் அழுத்தியவர், "செட்டரைக் கூப்பிடுவேன்" என்பார். மெஷினை அறிந்தவர் முதலில் பாகத்தைத் துடைத்து மறுபடி அளப்பார். இன்சர்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வியர் ஆஃப்செட்டில் எக்ஸ் அச்சில் 0.04 குறைப்பார். விட்டக் கணக்கில் ஓடும் மெஷினில் 0.02 குறைத்தால் பாதிப் பிழை அப்படியே நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. இதைக் கேட்காமல் "எந்த ஊர், அங்கே எந்தத் தெரு, யார் சொல்லி வந்தாய்" என்று கேட்பவர்கள் தேடுவது ஆபரேட்டரை இல்லை. அது எதற்கான விசாரணை என்று நமக்குத் தெரியும்.

இனி அந்தத் தழும்பு. கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடக்கூடாது. அதற்குத்தான் இன்டர்லாக். ஒரு பாகத்துக்குச் சில நொடி மிச்சம் பிடிக்க அதைச் செயலிழக்க வைக்கிறார்கள். ஓடுகிற சக்கில் சுற்றிய இரும்புச் சுருளை எடுக்கப் போன கை கிழிகிறது. இவர் இஎஸ்ஐயில் பதிவு செய்தார், அதனால் அவருடைய பதிவேடு "கறை" படிந்துவிட்டது. பக்கத்து மெஷின்காரர் தனியார் மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தார், அவர் "விபத்தில்லாதவர்". இந்த அளவுகோல் பாதுகாப்பானவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, வாயை மூடிக்கொள்பவரைத் தேர்ந்தெடுக்கிறது.

பாதுகாப்பை அளக்க வேறு கேள்விகள் உண்டு. சுருளை எப்படி எடுப்பாய்? மெஷினை நிறுத்தி, கொக்கியால் எடுப்பேன் என்று சொல்ல வேண்டும். சுழலும் சக்கின் அருகே கையுறை போடலாமா? கூடாது, கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். இன்டர்லாக் வேலை செய்யவில்லை என்றால்? ஓட்ட மாட்டேன், எழுதிக் கொடுப்பேன். காயம் பட்டவரிடம் கூடுதலாக ஒன்று கேட்கலாம்: அன்றைக்குக் கதவு ஏன் திறந்திருந்தது? அதற்கு அவர் சொல்லும் பதிலில்தான் உண்மையான பாதுகாப்புப் பதிவு இருக்கிறது.

ஆகவே தோழர்களே, நேர்காணலுக்குப் போகும் தம்பி தங்கைகளிடம் மூன்று காரியம் சொல்லி அனுப்புங்கள். ஒப்பந்ததாரரிடம் அனுபவச் சான்றிதழை எழுத்தில் கேட்கட்டும். எந்த மெஷின், எந்த கண்ட்ரோலர், லோடிங் மட்டுமா அல்லது செட்டிங்கும் செய்தாரா என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். காயத்தை மறைக்க வேண்டாம், காரணத்தோடு சொல்லட்டும்.

ஆலைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். தொழிலாளியின் பதிவேட்டைக் கேட்கிறீர்களே, அவரை நிறுத்தப்போகும் மெஷினின் பதிவேட்டையும் மேசைமேல் வையுங்கள். அதில் எத்தனை விரல்கள் போயின என்று அவரும் பார்த்து முடிவு செய்யட்டும்.