வரைபடம் சொல்லும் ‘இருக்கிறது’

வங்கிக் கிளை இருந்த இடத்தில் இறக்கிய ஷட்டரையும் அதன்மேல் ஒட்டிய ஏ4 தாளையும் பார்த்துவிட்டுப் பணப்பையுடன் தெருவில் நிற்கும் மனிதரிடம் எல்லோரும் கேட்கும் முதற்கேள்வி, “போவதற்கு முன் பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?” என்பதுதான். கேட்பவர் அறியாத உண்மை ஒன்று உண்டு. அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். கைப்பேசியைத் திறந்தார், வங்கியின் பெயரைத் தட்டினார், சிவப்புக் குறி தெரிந்தது, அதன்கீழ் திறந்திருக்கும் நேரமும் இருந்தது. அவர் செய்யத் தவறியது எதுவுமில்லை. அவருக்குத் தவறான விடையை அளித்தவர்கள் மட்டும் இந்த உரையாடலில் எங்கும் விசாரிக்கப்படுவதில்லை.

தமிழில் ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘இருக்கிறதாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தையும் பிழையின்றிக் கையாளும். முன்னது பேசுபவரின் பொறுப்பில் நிற்கும் கூற்று. பின்னது பிறர் சொல்லக் கேட்டது. அதன் உண்மைக்குப் பேசுபவர் பிணையில்லை. வரைபடக் குறி ஒவ்வொன்றும் உண்மையில் ஓர் ‘ஆம்’ கூற்று. எப்போதோ, யாரோ, இவ்விடத்தில் ஒரு கிளை உள்ளது எனப் பதிந்தார்கள். அதன்பின் எவரும் மறுக்கவில்லை. அவ்வளவே. ஆனால் திரை அந்த ‘ஆம்’ என்னும் ஒட்டைக் கழற்றிவிட்டு, நாளும் சாட்சியும் அற்ற நிகழ்காலமாக அதைக் காட்டுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் காலியான கட்டடமும் இன்று காலை திறந்த கிளையும் அங்கே ஒரே நிறத்தில், ஒரே அளவில் ஒளிர்கின்றன. குற்றம் இந்த இலக்கணத்தில் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலின் முழு வடிவத்தையும் காணக் கடலோரக் கர்நாடகத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. கனரா வங்கி 1906இல் மங்களூரில் பிறந்தது. அதே ஆண்டில் உடுப்பியில் கார்ப்பரேஷன் வங்கி, 1925இல் உடுப்பியிலேயே சிண்டிகேட் வங்கி, 1931இல் மங்களூரில் விஜயா வங்கி. இத்தனை வங்கிகள் பிறந்த மண்ணில் கிளைகள் அருகருகே முளைத்திருந்தது இயல்பு. பின்னர் இணைப்புகள் வந்தன. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கி பரோடா வங்கியுடன் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் கனராவுடனும் கார்ப்பரேஷன் யூனியன் வங்கியுடனும் சேர்ந்தன. ஒரே தெருவில் இரண்டு வங்கிகளாக நின்றவை ஒரே வங்கியின் இரண்டு கிளைகளாயின. ஒரு வங்கிக்கு ஒரே தெருவில் இரண்டு வாடகைகள் எதற்கு? ஒன்று மற்றொன்றுக்குள் சென்றது. கணக்குகள் நகர்ந்தன, பெயர்ப்பலகைகள் இறங்கின. வரைபடக் குறிகள் தாமாக நகர்வதில்லை.

எண்களை நம்பலாமே என்பார் உளர். சிண்டிகேட் கிளைகளின் SYNB எனத் தொடங்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாதனவாகி, அவற்றின் இடத்தில் CNRB எனத் தொடங்குபவை வந்தன. ஆனால் புதிய குறியீடு சரியாக இருப்பது பணம் எந்தக் கணக்கேட்டுக்குப் போகும் என்பதற்குச் சான்றே தவிர, கதவு எந்தத் தெருவில் உள்ளது என்பதற்குச் சான்று அன்று. கிளை நான்கு தெரு தள்ளிப் போனாலும் குறியீடு அதுவாகவே தொடரலாம்.

புத்தூர்ப் பக்கத்துப் பாக்கு வியாபாரி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மங்களூரில் சரக்கு விற்ற வகையில் 1,80,000 ரூபாய், எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கைக்கு வருகிறது. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு மாலைப் பேருந்தில் அதைச் சுமக்க அவர் விரும்பவில்லை. வரைபடம் அவருடைய வங்கியின் கிளை ஒன்றை ஒன்றரைக் கிலோமீட்டரில் காட்டுகிறது. ஆட்டோ பிடித்துப் போகிறார். அங்கே அந்த ஏ4 தாள். வேறொரு குறியைத் தேடுகிறார். ‘ஏடிஎம்’ என ஒன்று தென்படுகிறது. போய்ப் பார்த்தால் அது பணம் எடுக்க மட்டுமேயான இயந்திரம். எடுப்பவருக்கு எந்த வங்கியின் இயந்திரமும் உதவும். செலுத்துபவருக்குப் பெரும்பாலும் தம் வங்கியின் வைப்பு இயந்திரமே வேண்டும். பிற வங்கிக் கணக்கிலும் செலுத்தும் வசதி எல்லா இயந்திரங்களிலும் இல்லை. வரைபடமோ இரண்டு வகைக்கும் ஒரே பெயரைச் சூட்டுகிறது. மூன்றாம் இடத்தில் வைப்பு இயந்திரமே கிடைத்தாலும், ஒரு முறைக்கு இருநூறு தாள் என்பது பல இயந்திரங்களின் எல்லை. 360 தாள்களுக்கு இரண்டு முறை. 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் எண் கணக்குடன் இணைந்திருக்க வேண்டும். இதற்குள் நான்கு மணி ஆகிக் காசாளர் முகப்பு மூடிவிடுகிறது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. அதற்கடுத்து ஞாயிறு. பணம் அவருடன் பேருந்தில் ஏறி, இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் இருந்து, திங்கட்கிழமை மறுபடி சாலைக்கு வருகிறது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் உள்ள வாரமாயின், 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி எடுத்துச் செல்பவரைப் பறக்கும் படை நிறுத்தி விசாரிக்கும் கவலையும் சேர்ந்துகொள்ளும்.

இக்காலத்தில் பணத்தை யார் சுமக்கிறார்கள் என்னும் ஏளனம் இங்கே வரும். சுமப்பவர்கள் சந்தை வியாபாரிகள், மீன் ஏலதாரர்கள், கூலி கொடுப்பவர்கள். சிண்டிகேட் வங்கியை வளர்த்தவர்களே இத்தகைய மக்கள்தாம். 1928இல் அது தொடங்கிய பிக்மி சேமிப்புத் திட்டத்தில், முகவர் ஒருவர் நாள்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து இரண்டணாவைக்கூட வாங்கிச் சென்றார். வங்கி வாடிக்கையாளரைத் தேடிவந்த ஊரில், இன்று வாடிக்கையாளர் வங்கியைத் தேடித் தெருத்தெருவாக அலைவதை முன்னேற்றம் என அழைப்பவர்களுக்குச் சொற்பொருள் பற்றி ஒரு பாடம் தேவைப்படுகிறது.

“வரைபடத்திலேயே எண் இருக்கிறதே, ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன?” என்னும் அறிவுரைதான் எல்லாவற்றினும் ஆபத்தானது. வரைபடத்தில் உள்ள விவரங்களைப் பொதுமக்களும் திருத்த முடியும் என்பதைப் பயன்படுத்தி, மோசடியாளர்கள் வங்கிக் கிளைகளின் தொலைபேசி எண்களை நீக்கித் தம் எண்களை இட்ட நிகழ்வுகள் 2018இல் மகாராஷ்டிரத்தில் வெளிப்பட்டன. அழைத்தவர்கள் வங்கியுடன் பேசுவதாக நம்பி அட்டை விவரங்களைக் கூறினார்கள். கிளை அங்கே இருக்கிறதா எனச் சரிபார்க்க அழைத்து, “ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொண்டு வருகிறேன், எத்தனை மணி வரை இருப்பீர்கள்?” என ஒரு திருடனிடமே கேட்பது எத்தகைய சரிபார்ப்பு? எண்ணைப் பாஸ்புக்கிலிருந்தோ வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டுமே எடுக்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்றே: கிளை இப்போது எந்தக் கட்டடத்தில் உள்ளது, வைப்பு இயந்திரம் இன்று இயங்குகிறதா, பணம் வாங்கும் முகப்பு எத்தனை மணிக்கு மூடும். தொகையைச் சொல்லத் தேவையே இல்லை. இம்மூன்றுக்கும் விடையளிக்க அட்டை எண்ணோ ஓடிபியோ எவருக்கும் வேண்டியதில்லை; கேட்கப்பட்டால் அந்த எண் வங்கியினுடையது அன்று.

அழைப்புக்கு முன்பே குறியின் வயதைக் கணிக்க வழி உண்டு. மதிப்புரைகளைப் புதியது முதலாக வரிசைப்படுத்த வேண்டும். நகரக் கிளை ஒன்றைப் பற்றி ஓராண்டுக்கு மேலாக ஒருவர்கூடக் குறை சொல்லவில்லையென்றால், அது சேவையின் சிறப்பால் நேர்ந்த மௌனமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அருகில் அதே வங்கிக்கு இன்னொரு குறி இருந்து, அதில் மட்டும் சென்ற வாரத்து வசவுகள் குவிந்திருந்தால், முதற்குறி பெரும்பாலும் பிணம். வீதிக் காட்சி 2022 ஜூலையில் இந்தியாவில் மீண்டும் தொடங்கியது. அதன் படத்தில் மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். பெயர்ப்பலகை அந்த மாதத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்காது. ஆயினும் நாளைச் சொல்லும் நேர்மை அதற்கேனும் உண்டு. அடுத்து வங்கியின் சொந்தக் கிளைத் தேடல் பக்கத்தில் உள்ள முகவரியை, கட்டடப் பெயர் வரை, வரைபடத்துடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எதையும் நம்பாமல் அழைத்துக் கேட்பதே வழி. ஒத்துப்போனாலும் இயந்திரம் பற்றிய கேள்வி மீதமிருக்கும். கிளை இடம் மாறியபின்னும் இயந்திரம் பழைய வாசலிலேயே நிற்பதும், கிளை அங்கேயே இருக்க இயந்திரம் மட்டும் அகற்றப்படுவதும் நடப்பவையே.

இவ்வளவையும் பாக்கு வியாபாரி செய்ய வேண்டும் என்பதுதான் அநீதி. கிளை மூடப்பட்டாலோ இடம் மாறினாலோ அதை ஒரு வாரத்துக்குள் தன் தகவல் தளத்தில் பதிய வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு உரிய காலத்தில் முன்கூட்டியே தெரிவிக்கவும் விதி உண்டு. ஆக, வங்கியிடம் புதிய முகவரி இருக்கிறது, அதை எழுதும் பணியாளர் இருக்கிறார், அனுப்பும் தேதியும் இருக்கிறது. மேலிடத்துக்குப் போகும் அந்தச் செய்தியை, தெருவில் நிற்பவர் காணும் இடத்திலும் அதே நாளில் பதிவதற்கு எந்தத் தொழில்நுட்பம் தடையாக உள்ளது? ஏடிஎம் ஒன்றில் மாதத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பணம் இல்லாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என 2021 அக்டோபர் முதல் நடைமுறை உள்ளது. இயந்திரமே இல்லாத இடத்தில் இயந்திரம் இருப்பதாக ஆண்டுக்கணக்கில் நிற்கும் குறிக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. பணமில்லாத இயந்திரம் குற்றமாம். இல்லாத இயந்திரம் குற்றமில்லையாம்.

வரைபட நிறுவனங்களும் தப்ப இயலாது. “Suggest an edit” என்னும் பொத்தானை அளித்துத் திருத்தும் வேலையை ஏமாந்தவரிடமே ஒப்படைத்துவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்கிறார்கள். உணவகம் மூடியிருந்தால் பசியோடு அடுத்த உணவகம் போகலாம். வங்கிக்கும் உணவகத்துக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சோம்பல். ஒவ்வொரு வங்கிக் குறியின் கீழும் அது கடைசியாக எந்த நாளில், யாரால் உறுதிசெய்யப்பட்டது என்று ஒரு வரி அச்சிட்டால் போதும். அந்த வரியில் வங்கியின் பெயர் இல்லையென்றாலோ தேதி பழையதென்றாலோ, பையைத் தூக்குவதற்கு முன்பே வியாபாரி பாஸ்புக்கைத் திறந்து எண்ணைத் தேடியிருப்பார்.