‘இரி’யா, ‘இரிங்க’வா?

‘வெண்பா’ விளையாடின ஆக்களுக்குத் தெரியும். 2023இல் வந்த அந்த விளையாட்டில் எந்தப் பதிலைத் தெரிவு செய்தாலும் கதை பெரும்பாலும் ஒரே வழியால்தான் போகும். மாறுவது பேச்சின் தொனி. எங்களுக்கு அது குறையாகப் படவில்லை. மூன்று தெரிவுகள் நான்கு இடங்களில் வந்து, ஒவ்வொன்றும் தனிக் கிளையாகப் போனால் 81 வழிகள் எழுத வேண்டும். அதனாலதான் எழுதுகிறவர்கள் கிளைகளைப் பிரித்து, இரண்டு வரிக்குள் திரும்பவும் ஒன்றாகச் சேர்ப்பார்கள்.

சிக்கலே சேருகிற இடத்தில்தான். ஆங்கிலத்தில் ‘யூ’ யாருக்கும் பொருந்தும். தமிழில் மரியாதை வினையின் நுனியில் ஒட்டியிருக்கு.

நாங்கள் ஒரு காட்சி எழுதிப் பார்த்தம். கல்லடிப் பழைய பாலம், மாலை நேரம். பத்து வருசம் கழித்து அண்ணன் வாறார். தங்கச்சி முதலில் என்ன சொல்லுவா? சேருகிற வரியில் ‘இரிங்க’ என்று பொதுவாக எழுதி வைத்தம். ‘வந்திட்டியா?’ என்று கோபமாகக் கேட்டவ அடுத்த வரியிலேயே ‘இரிங்க’ என்று சொன்னா. கோபம் செத்துப் போச்சு.

அதால முதல் தெரிவை இங்க் மொழியில் ஒரு மாறியில் சேமித்தம்:

```
VAR mode = 0
* வாங்கண்ணன்.
  ~ mode = 1
* வந்திட்டியா?
  ~ mode = 2
* [...]
-
{ mode:
- 1: இரிங்க. # camera: anna_face
- 2: இரி. # camera: both_wide
- else: இடம் இரிக்கு. # camera: lagoon
}
```

மூன்றாவது தெரிவு மௌனம். பேசாதவளுக்கு நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனா தமிழில் அதுக்கும் வழி இருக்கு: ஆளைக் குறிக்காமலே பேசுறது. மனத்தாங்கல் உள்ள வீடுகளில் ‘சோறு போட்டிருக்கு’ என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாங்களே, அது.

# குறிக்குப் பின்னால் இருப்பது கமராக் குறிப்பு. இங்க் கமராவை அசைக்காது. குறிப்பை விளையாட்டு இயந்திரத்திடம் கொடுக்கும், அசைக்கிறது அங்கே எழுதின நிரல். ‘இடம் இரிக்கு’ என்னும்போது கமரா வாவியைப் பார்க்கிறது, அவளும் அவர் முகத்தைப் பார்க்காததால. தெரிவுகள் திரையில் நிற்கும்போது மட்டும் கமரா அசையக் கூடாது. ஒருவர் இரண்டு செக்கனில் அழுத்துவார், இன்னொருவர் இரண்டு நிமிசம் யோசிப்பார். மெல்ல நெருங்குகிற ஷொட் என்றால் யோசிக்கிறவருக்கு அது பாதியில் முடிந்து உறைந்து நிற்கும்.

ஆகவே எங்கட கருத்து இதுதான்: தமிழ் விளையாட்டு வசனத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மாற்றக் கூடாது. மாற்றுகிறவருக்கு ஒரு ‘சிட்’தான் கிடைக்கும், அதற்குள் மூன்று உறவு இருந்தது தெரியாது. எழுதி முடித்ததும் மூன்று வழியையும் இருவர் சத்தமாக வாசித்துப் பாருங்க. பிழையான இடத்தில் வாய் தானா இடறும்.